ராத்திரி ஒன்றரை மணிக்கு எரியும் வயிறு: அல்சரா, கேஸ்ட்ரைட்டிஸா?

என் சின்ன மாமாவுக்கு 47 வயது. பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு ஷூ தோல் கம்பெனியில் கட்டிங் பிரிவில் நின்றுகொண்டே வேலை. இரண்டு வருடமாக ராத்திரி ஒன்று, ஒன்றரை மணிக்கு மேல் வயிறு எரிந்து எழுந்துவிடுவார். சமையலறைக்குப் போய் இரண்டு பொறையைப் பாலில் நனைத்துச் சாப்பிடுவார், பத்து நிமிடத்தில் அடங்கிவிடும், திரும்பப் படுத்துவிடுவார். "உடம்புச் சூடும்மா, வேற ஒண்ணும் இல்ல" என்பதுதான் அவர் சொன்ன காரணம். வேலூர் வெயிலில் பிறந்து வளர்ந்தவர்கள் எல்லா வயிற்று வலிக்கும் முதலில் சொல்லும் காரணம் அதுதான். வெந்தயம், மோர், இளநீர் என்று ஒரு சுற்று முடிந்த பிறகுதான் யாரிடமாவது கேட்போம்.

நான் எண்டோஸ்கோபி அறையில் பல வருடம் வேலை பார்த்த செவிலி. மாமா போலப் பேசும் ஆட்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். இந்த வலியை எந்த வரிசையில் சோதித்துக்கொண்டு போக வேண்டும், எந்த இடத்தில் ஏமாந்துபோகிறோம் என்பதை மாமாவின் கதையை வைத்தே சொல்கிறேன்.

முதலில்: இவற்றில் ஒன்று இருந்தால் மேலே படிக்க வேண்டாம், கிளம்புங்கள்

மலம் தார் மாதிரிக் கறுப்பாக, ஒட்டும் பதத்தில், தாங்க முடியாத நாற்றத்தோடு போனால் உள்ளே ரத்தம் கசிகிறது. வாந்தியில் ரத்தமோ, காபித்தூள் கலந்த மாதிரி எதுவுமோ வந்தாலும் அதுவேதான். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் மலம் கறுக்கும், ஆனால் அது பெரும்பாலும் கட்டியாக, பச்சை கலந்த கறுப்பாக இருக்கும், ஒட்டாது, அந்த நாற்றம் இருக்காது. சந்தேகமாக இருந்தால் ரத்தம் என்றே வைத்துக்கொண்டு போவது நல்லது.

கத்தியால் குத்தியது போலத் திடீரென்று வலி வந்து, வயிறு முழுக்கப் பலகை மாதிரி இறுகி, அசைந்தாலே உயிர் போகிறது என்றால் புண் ஓட்டையாகியிருக்கலாம். அன்றே அறுவை சிகிச்சை தேவைப்படும். வியர்வை, மூச்சு வாங்குதல், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, நடந்தால் கூடி உட்கார்ந்தால் குறையும் எரிச்சல், இவை வயிறு அல்ல, இதயமாக இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பே சில நேரம் "மேல் வயிறு எரியுது" என்று மட்டும்தான் வரும். ஜெல் குடித்துக் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

இவ்வளவு அவசரம் இல்லாவிட்டாலும் தள்ளிப்போடக் கூடாதவை சில உண்டு. காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கும்போது சிக்குவது, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகப் போவது, ரத்தசோகை என்று சொல்லப்படுவது. நாற்பத்தைந்தைத் தாண்டியவருக்கு முதல்முறையாக இப்படி வலி வந்தாலும் நம் ஊர் மருத்துவர்கள் பெரும்பாலும் நேராக எண்டோஸ்கோபிக்கே அனுப்புவார்கள். அது சரிதான்.

மாமாவிடம் இவை ஒவ்வொன்றையும் கேட்டேன். எதுவும் இல்லை. எடை குறைவதற்குப் பதில் மூன்று கிலோ கூடியிருந்தது. அதுவே ஒரு துப்பு. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அறிகுறி: வெறும் வயிற்றில் எரிகிறது, ராத்திரி எழுப்புகிறது, சாப்பிட்டால் அடங்குகிறது

ஒரு கோடு போட்ட நோட்டை வாங்கிக் கொடுத்து ஏழு நாள் எழுதச் சொன்னேன். சாப்பிட்ட நேரம், வலி வந்த நேரம், என்ன செய்ததும் அடங்கியது, அன்று போட்ட மாத்திரை எல்லாம், பெயரோடு. வலி எவ்வளவு என்று எழுதத் தேவையில்லை. நேரம்தான் முக்கியம்.

நோட்டில் வந்தது இது: ராத்திரிச் சாப்பாடு 9.15. வலி 1.20. பொறையும் பாலும், அடங்கியது 1.30. அடுத்த நாள் காலை இட்லி 8 மணிக்கு, வலி 11.15. டீ குடித்ததும் கொஞ்சம் குறைந்தது. மதியச் சோறு 1 மணிக்கு, நிம்மதி. மாலை 4.30-க்கு மறுபடி. ஏழு நாளும் கிட்டத்தட்ட இதே ஓட்டம்.

இந்த ஓட்டத்துக்குக் காரணம் உண்டு. சாப்பாடு இரைப்பைக்குள் இருக்கும்வரை அமிலம் அதோடு கலந்து வீரியம் குறைகிறது. ஆனால் அதே சாப்பாடு அமிலத்தைச் சுரக்கவும் தூண்டும். இரண்டு மூன்று மணி நேரத்தில் சோறு குடலுக்கு இறங்கிவிடும், சுரந்த அமிலம் மட்டும் மிச்சம் நிற்கும். இரைப்பைக்கு அடுத்த ஒரு சாண் நீளக் குழாயை முன்சிறுகுடல் என்கிறோம். புண் அங்கே இருந்தால் அமிலம் நேராக அதன் மேல்தான் சொட்டும். இதோடு, நடுராத்திரியை ஒட்டித்தான் இரைப்பையில் இயல்பாகவே அமிலச் சுரப்பு கூடுதலாக இருக்கும். அந்த நேரத்தில் அதைத் தாங்கிக்கொள்ள உள்ளே சாப்பாடும் இருக்காது. ஒன்றரை மணிக்கு எழுவதற்குக் கணக்கு அவ்வளவுதான்.

சாப்பிட்டால் அடங்குகிறது என்று தெரிந்துகொண்டவர் அடிக்கடி சாப்பிடுவார், எடை கூடும். மாமாவின் மூன்று கிலோ அப்படி வந்தது. இரைப்பையிலேயே புண் இருப்பவர் பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வலி வரும், சோற்றைப் பார்த்தாலே பயப்படுவார், இளைத்துப்போவார்.

பாலைப் பற்றி ஒன்று. பால் குடித்ததும் எரிச்சல் அடங்குவது உண்மை. ஆனால் பாலில் உள்ள புரதமும் கால்சியமும் கொஞ்ச நேரம் கழித்து அமிலத்தைக் கூட்டிவிடும். ராத்திரி ஒரு டம்ளர் பாலைப் படுக்கும் முன் பழக்கமாக்கிக்கொண்டால் மூன்று மணிக்கு மறுபடி எழ வேண்டியிருக்கும். மாமா நோட்டில் மூன்று நாள் அப்படி எழுதியிருந்தார்.

இன்னொரு ஏமாற்று உண்டு. முன்சிறுகுடல் புண்ணின் வலி சில வாரம் விடாமல் வரும், பிறகு சில மாதம் காணாமல் போகும், மறுபடி வரும். மாமாவுக்குத் தையில் ஆரம்பித்த வலி பங்குனியில் போனது. அந்த நேரத்தில் அவர் கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார், கூழ்தான் குணமாக்கியது என்று ஊருக்கெல்லாம் சொன்னார். ஆவணியில் திரும்பி வந்ததும் "கூழ் விட்டுட்டேன், அதான்" என்றார். கூழ் நல்ல சாப்பாடு, அதில் குறை இல்லை. ஆனால் வலி தானாக வந்து தானாகப் போகும் பருவத்தில் எதைச் சாப்பிட்டாலும் அதற்குத்தான் பேர் போகும்.

அப்படியானால் இது அல்சர்தானே?

நேரத்தை வைத்து அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. எண்டோஸ்கோபியில் ஒன்றுமே இல்லாத பலருக்கும் ராத்திரி எரிச்சல் இருந்திருக்கிறது. பெரிய புண்ணோடு வந்தவர்களில் வலியே தெரியாதவர்களும் உண்டு. நேரக் கணக்கு சந்தேகத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று மட்டும் காட்டும்.

இங்கேதான் அல்சர், கேஸ்ட்ரைட்டிஸ் என்ற இரண்டு வார்த்தையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் ஊரில் மூன்று சொல் ஒரே பொருளில் ஓடுகிறது. கேஸ் டிரபிள், அல்சர், கேஸ்ட்ரைட்டிஸ். மருந்துக்கடையில் மூன்றுக்கும் ஒரே மாத்திரையைக் கொடுப்பதால் மூன்றும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம்.

மாமாவுக்கு அவர் தொழிலை வைத்தே சொன்னேன். மேஜையில் விரித்த தோலில் மேல் பரப்பு மட்டும் கீறி, சிவந்து, சொரசொரப்பாக இருந்தால் அது ஒரு ரகம். அந்தப் பரப்பைத் தாண்டி உள்சதை வரைக்கும் குழி விழுந்திருந்தால் அது வேறு ரகம். கட்டிங் பிரிவில் இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். கேஸ்ட்ரைட்டிஸ் முதல் ரகம். இரைப்பையின் உள்தோல் அழற்சியில் இருக்கிறது, அவ்வளவுதான். அல்சர் இரண்டாவது. உள்தோலுக்குக் கீழே மெல்லிய தசைப் படலம் ஒன்று உண்டு, அதையும் தாண்டிக் குழி விழுந்திருக்க வேண்டும். பொதுவாக அரை சென்டிமீட்டர் அகலமாவது இருக்கும். அதை விடச் சின்னதாக, மேலோட்டமாக உரிந்திருந்தால் அரிப்பு என்று எழுதுவார்கள், அல்சர் என்று எழுத மாட்டார்கள். குழி ஆழமாகும்போதுதான் ரத்தக்குழாயைத் தொடும், அல்லது சுவரைத் துளைக்கும். தார் மாதிரி மலமும் பலகை வயிறும் வருவது அப்போதுதான்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், கேஸ்ட்ரைட்டிஸ் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. சரியாகச் சொன்னால் அது திசுவைச் சின்னத் துண்டாக எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லும் பெயர். குழாய் வழியாகப் பார்க்கும்போது சிவந்திருக்கும் இரைப்பையில் அழற்சி இல்லாமல் இருக்கலாம், சாதாரணமாகத் தெரியும் இரைப்பையில் அழற்சி இருக்கலாம். "எனக்குப் பத்து வருஷமா கேஸ்ட்ரைட்டிஸ்" என்று வருபவர்களில் நிறையப் பேருக்கு இருப்பது, இரைப்பை சாதாரணமாக இருந்தும் வலி உணர்வு மட்டும் கூடிப்போன அஜீரணம். அதற்கு வைத்தியம் வேறு. பெயர் தவறினால் வருடக்கணக்கில் தவறான மாத்திரை ஓடும்.

இன்னொன்று, இரண்டும் எதிரும் புதிருமான நோய்கள் அல்ல. ஒரே காரணம் இரண்டையும் உண்டாக்கும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு மருத்துவர்கள் இரைப்பையில் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற சுருள் வடிவக் கிருமி வாழ்வதைக் காட்டினார்கள். யாரும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியை வளர்த்த திரவத்தைத் தானே குடித்தார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் வந்தன, எண்டோஸ்கோபியில் இரைப்பை அழற்சி தெரிந்தது. அல்சர் வரவில்லை. இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். குடித்ததால் அவருக்கு வந்தது கேஸ்ட்ரைட்டிஸ் என்பதை நான் புதுச் செவிலிகளுக்கு எப்போதும் சொல்வேன். கிருமி தங்கிய எல்லோருக்கும் அழற்சி உண்டு. அவர்களில் பத்தில் ஒருவருக்கு, மிஞ்சினால் இருவருக்கு, வாழ்நாளில் எப்போதாவது குழி விழும்.

வீட்டிலேயே செய்யும் சோதனை: மாத்திரை டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள்

அல்சருக்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று அந்தக் கிருமி. மற்றது வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின், இந்தக் கூட்டம். இவை இரைப்பையின் காப்புப் படலத்தைச் சுரக்க வைக்கும் பொருளையே உடம்பு முழுக்கக் குறைத்துவிடுகின்றன. அதனால் சாப்பிட்ட பிறகு போட்டாலும், ஊசியாகப் போட்டாலும் கெடுதல் கெடுதல்தான். "சாப்பிட்டுட்டுத்தான் போடுறேன்" என்பது பெரிய பாதுகாப்பு அல்ல.

மாமாவின் நோட்டில் மாத்திரை வரிசையில் ஏழு நாளும் பாண்டோப்ரசோல் என்ற வயிற்று மாத்திரையைத் தவிர ஒன்றும் எழுதவில்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் வேலைப் பையைக் கவிழ்த்தேன். வெள்ளி அட்டை ஒன்று, பத்தில் ஆறு காலி. "இது மூட்டு மாத்திரைம்மா, வயித்துக்கு இல்லையே" என்றார். நின்று வேலை செய்வதால் முழங்கால் வலி, கம்பெனி எதிர்க் கடையில் சொல்லி வாங்கியது, அசிக்ளோஃபெனாக் கலந்தது. ஒரு வருடமாக வாரத்துக்கு நான்கைந்து. அவர் பொய் சொல்லவில்லை. வயிற்று வலி பற்றி எழுதச் சொன்னதால் வயிற்றுக்குப் போட்டதை மட்டும் யோசித்தார். யாரைக் கேட்டாலும் "மூட்டு, முதுகு, தலைவலி, இதயம், எல்லாத்துக்கும் போடும் மாத்திரை" என்று விரித்துக் கேளுங்கள். குடியாத்தம் பக்கம் நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றும் பெண்களிடம் "முதுகுக்கு என்ன போடுறீங்க?" என்று தனியாகக் கேட்டால்தான் பதில் வரும். வலி மாத்திரையால் வரும் புண்ணில் எரிச்சலே இல்லாமல் இருப்பது வயதானவர்களிடம் சகஜம். முதல் அறிகுறியே கறுப்பு மலமாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இதயத்துக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதை நிறுத்துவதில் வேறு ஆபத்து. எழுதிக் கொடுத்தவரிடமே வயிற்று வலியைச் சொல்லுங்கள்.

காரம், ஆம்பூர் பிரியாணி, கூட வரும் எண்ணெய்க் கத்திரிக்காய், இவையெல்லாம் இருக்கிற புண்ணை எரிய வைக்கும், புண்ணை உண்டாக்காது. ஒத்துக்கொள்ளாததை மட்டும் விட்டால் போதும். பீடி, சிகரெட் விஷயம் அப்படியில்லை. புகை புண் ஆறுவதைத் தாமதமாக்கும், ஆறிய புண்ணைத் திரும்ப வரவழைக்கும். மாமா நாளுக்கு எட்டு பீடி.

அறிகுறி: டெஸ்ட்டில் கிருமி இல்லை என்று வந்தது, வலி மட்டும் போகவில்லை

என்னை மிகவும் வருத்திய இடம் இதுதான். நான் பார்ப்பதற்கு நான்கு மாதம் முன்பே மாமா ஒரு பரிசோதனைக் கூடத்தில் மூச்சுப் பரிசோதனை செய்திருந்தார். யூரியா கலந்த திரவத்தைக் குடிக்கக் கொடுப்பார்கள், கொஞ்ச நேரம் கழித்துப் பையில் ஊதச் சொல்வார்கள். கிருமி இருந்தால் அது யூரியாவை உடைக்கும், உடைந்தது மூச்சில் வெளிவரும். நல்ல பரிசோதனை. ரிசல்ட் "இல்லை" என்று வந்தது. ஆனால் அன்று காலையும் அவர் பாண்டோப்ரசோல் போட்டுவிட்டுத்தான் போயிருந்தார். அதற்கு முன் இரண்டு மாதமாகப் போட்டுக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை.

பாண்டோப்ரசோல், ஒமிப்ரசோல், ரபிப்ரசோல், இந்த "ப்ரசோல்" குடும்பம் அமிலத்தைக் கட்டுப்படுத்தும்போது கிருமியும் அடங்கிப் பதுங்கும், சாகாது. மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை, எண்டோஸ்கோபியில் செய்யும் யூரியேஸ் பரிசோதனை மூன்றுமே அப்போது பொய்யாக "இல்லை" சொல்லும். ப்ரசோல் மாத்திரையை இரண்டு வாரமும், ஆன்டிபயாடிக் மற்றும் பிஸ்மத் மருந்துகளை நான்கு வாரமும் நிறுத்திய பிறகு செய்தால்தான் அந்த "இல்லை"யை நம்பலாம். மாத்திரை போட்டிருந்தும் "இருக்கிறது" என்று வந்தால் அதை நம்பலாம், பிழை ஒரு பக்கம்தான். ரத்தத்தில் பார்க்கும் எதிர்ப்பொருள் பரிசோதனை வேறு வகைச் சிக்கல். கிருமி போய்ப் பல மாதம், வருடம் ஆன பிறகும் அது "இருக்கிறது" என்றே காட்டும். அதை வைத்து மருந்து எடுக்க வேண்டாம்.

மாமாவின் மருத்துவரிடம் இதைச் சொன்னதும் அவர் பாண்டோப்ரசோலையும் மூட்டு மாத்திரையையும் நிறுத்தினார். 14 நாள் கழித்து எண்டோஸ்கோபி. நடுவில் ராத்திரி எரிந்தால் குடிக்க ஆன்டாசிட் ஜெல் எழுதிக் கொடுத்தார். மேலே சொன்ன ஆபத்து அறிகுறி ஏதாவது இருந்திருந்தால் இந்த 14 நாள் காத்திருக்க விட்டிருக்க மாட்டார், அன்றே பார்த்திருப்பார்.

எண்டோஸ்கோபி அறையில் என்ன தெரிந்தது

முந்தைய இரவு சாப்பிட்டதோடு சரி, காலையில் வெறும் வயிறு. தொண்டையில் மரத்துப்போகும் ஸ்ப்ரே, பல்லுக்கு நடுவே பிளாஸ்டிக் வளையம், இடது பக்கம் திரும்பிப் படுக்கை. பத்து நிமிட வேலை. ஓங்கரிக்கும்போது மூக்கால் மெதுவாக மூச்சு விட்டால் பாதிக் கஷ்டம் குறையும். நான் தலைமாட்டில் நின்று அதைத்தான் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திரையில் இரைப்பையின் கீழ்ப் பகுதி திட்டுத்திட்டாகச் சிவந்திருந்தது. குழாய் இரைப்பை வாயைத் தாண்டி முன்சிறுகுடலின் தொடக்கத்தில் நுழைந்ததும், முன்பக்கச் சுவரில் புண். ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டர். நடுவில் வெள்ளையாகப் படிந்த தளம், சுற்றிலும் வீங்கிச் சிவந்த விளிம்பு. ரத்தம் இல்லை, ரத்தக்குழாய் எதுவும் தெரியவில்லை. இரைப்பையிலிருந்து சின்னச் சின்னத் துணுக்குகள் எடுத்தார்கள். ஒன்றை மஞ்சள் நிற யூரியேஸ் கிட்டில் வைத்தேன். இருபது நிமிடத்தில் துணுக்கைச் சுற்றி ரோஜா நிறம் கிளம்பி, கிட் முழுக்கப் பரவியது. நான்கு மாதத்துக்கு முன் "இல்லை" என்று அச்சடித்துக் கொடுத்த அதே கிருமி. மற்ற துணுக்குகளின் நுண்ணோக்கி ரிப்போர்ட்டில் அழற்சியும் உறுதியானது.

ஆக, அல்சரா கேஸ்ட்ரைட்டிஸா என்று கேட்டால் மாமாவுக்கு இரண்டும். இரைப்பையின் கீழ்ப் பகுதியில் கிருமி உண்டாக்கிய அழற்சி அமிலத்தைக் கூடுதலாகச் சுரக்க வைத்தது. அந்த அமிலம் முன்சிறுகுடலில் குழி பறித்தது. மூட்டு மாத்திரை அதை ஆற விடவில்லை.

புண் முன்சிறுகுடலில் இருந்ததால் இன்னொரு பயம் விலகியது. அங்கே வரும் புண் புற்றுநோயாக இருப்பது மிக அரிது. இரைப்பையில் இருக்கும் புண்ணைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அதன் விளிம்பிலிருந்தே துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும், பொதுவாக இரண்டு மாதம் மருந்து சாப்பிட்ட பிறகு மறுபடி எண்டோஸ்கோபி செய்து ஆறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். வலி போய்விட்டதே என்று அந்த இரண்டாவது எண்டோஸ்கோபிக்கு வராமல் இருந்தவர்களை நினைத்தால் இன்னும் எனக்கு மனம் அடித்துக்கொள்கிறது. மாத்திரையால் புற்றுப் புண்ணின் வலியும் சில வாரம் அடங்கும்.

அறிகுறி: மருந்து ஆரம்பித்த பிறகு புதுத் தொந்தரவு

மாமாவுக்கு 14 நாள் நான்கு மருந்து. காலை மாலை சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் ப்ரசோல், கூடவே பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல். நம் நாட்டில் இந்தக் கிருமி சில ஆன்டிபயாடிக்குகளுக்கு அசையாமல் போய்விட்டதால் மருத்துவர்கள் இப்படி நான்காகக் கொடுப்பது கூடியிருக்கிறது. எந்தக் கூட்டு என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள், ஏனென்றால் வேறு கூட்டுகளில் அமாக்சிசிலின் இருக்கும்.

மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது. "ம்மா, கறுப்பாப் போகுது, ரத்தம் போல." ஒட்டுகிறதா, தலை சுற்றுகிறதா, நாற்றம் எப்படி என்று கேட்டேன். எதுவும் இல்லை. பிஸ்மத் மலத்தையும் நாக்கையும் கறுப்பாக்கும், மருந்து நின்றதும் போய்விடும். இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லாதது என் தவறு.

ஐந்தாம் நாள் பேசும்போது வேறொன்று வெளிவந்தது. மாத்திரை எல்லாவற்றையும் பாலில்தான் விழுங்கிக்கொண்டிருந்தார், வயிற்றுக்கு இதம் என்று. பாலின் கால்சியம் டெட்ராசைக்ளினைப் பிடித்துக்கொண்டு உடம்பில் ஏற விடாது. தண்ணீரில், ஒரு முழு டம்ளரோடு, உட்கார்ந்து விழுங்க வேண்டும். விழுங்கிய உடனே படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டி அங்கே புதுப்புண் வரும். அன்றே மாற்றிக்கொண்டார். மருத்துவரிடம் சொன்னோம், 14 நாளை அன்றிலிருந்து எண்ணச் சொன்னார்.

வாய்க்கசப்பு, குமட்டல், லேசான பேதி, இவை வந்ததும் ஐந்தாறு நாளில் நிறுத்திவிடுவதுதான் சிகிச்சை தோற்பதற்கு நான் அதிகம் பார்த்த காரணம். எரிச்சல் முதல் வாரமே நின்றுவிடுவதால் முடிந்துவிட்டது என்று தோன்றும். எரிச்சலை நிறுத்தியது ப்ரசோல், கிருமி இன்னும் பாதி உயிரோடு இருக்கும். அரைகுறையாக அடிபட்ட கிருமிக்கு அடுத்த முறை அதே மருந்து வேலை செய்யாமல் போகலாம். தாங்க முடியாவிட்டால் நிறுத்தும் முன் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.

அறிகுறி: சிகிச்சை முடிந்தது, மறுபடி எரிகிறது

ஆன்டிபயாடிக் முடிந்து நான்கு வாரத்துக்குக் குறையாமல் கழித்து, ப்ரசோலை நிறுத்தி இரண்டு வாரம் ஆன பிறகு, மூச்சு அல்லது மலப் பரிசோதனை செய்து கிருமி போனதா என்று பார்க்க வேண்டும். வலி இல்லாவிட்டாலும் செய்ய வேண்டும். இன்னும் இருக்கிறது என்று வந்தால் வேறு மருந்துக் கூட்டு உண்டு, முதலில் கொடுத்ததையே திரும்ப வாங்கிப் போடக் கூடாது.

கிருமி போய்விட்டது, ஆனாலும் எரிகிறது என்றால் மறுபடி மாத்திரை டப்பாவைக் கவிழ்க்க வேண்டும். அதிலும் ஒன்றும் இல்லை, நீண்ட நாள் போட்ட ப்ரசோலை இப்போதுதான் நிறுத்தினீர்கள் என்றால், சில வாரம் அமிலம் துள்ளி எழுவது உண்டு, அது தானாக அடங்கும். படுத்தால் கூடி, புளித்த தண்ணீர் தொண்டைக்கு வந்தால் உணவுக்குழாய் பக்கம் பார்க்க வேண்டும். வலது விலாவுக்குக் கீழே, எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு பிடித்து ஒரு மணி, இரண்டு மணி நேரம் விடாமல் இருந்தால் பித்தப்பைக் கல்லா என்று ஸ்கேனில் பார்க்கச் சொல்வார்கள். பித்தப்பை வலியும் ராத்திரியில் எழுப்பும், ஆனால் பொறைக்கு அடங்காது.

மாமாவின் ரிசல்ட் இந்த முறை உண்மையாகவே "இல்லை" என்று வந்தது. பரிசோதனைக்கு முன் இரண்டு வாரமும் அவர் மாத்திரை போடவில்லை என்பதற்கு அத்தை சாட்சி. பீடி எட்டிலிருந்து இரண்டாகியிருக்கிறது, அந்த இரண்டைப் பற்றி அத்தையும் நானும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். முழங்காலுக்கு இப்போது பாரசிட்டமாலும், தொடைத்தசைக்கு பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த பயிற்சியும். கம்பெனி எதிர்க் கடையில் எந்த மாத்திரை கேட்டாலும் முதலில் "எனக்கு அல்சர் வந்திருக்கு" என்று சொல்லப் பழக்கியிருக்கிறேன். எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டின் ஒரு நகல் அவர் வேலைப் பையில், அந்த வெள்ளி அட்டை இருந்த இடத்தில் இருக்கிறது.